நொய்யலில் குளித்த தென்றல்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய தாலாட்டைப் படித்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவில் வீடு திரும்புகிற தாய், ஏற்கெனவே தூங்கிவிட்ட குழந்தையின் தொட்டிலருகே உட்கார்ந்து பாடுகிறாள் என்ற உன் குறும்படத்தின் சூழல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தாலாட்டு தூங்கவைப்பதற்காகப் பாடப்படுவது. இவள் குழந்தை தூங்கிய பிறகு பாடுகிறாள். அந்தத் தாமதத்துக்குள்ளேயே பாட்டின் வலி முழுவதும் இருக்கிறது.

ஆனால் பல்லவியை வாய்விட்டுப் படித்த உடனே என் காதில் இன்னொரு தாலாட்டு ஓடத் தொடங்கிவிட்டது. 1961இல் வந்த 'பாசமலர்' படத்தில், அண்ணனும் தங்கையும் வெவ்வேறு வீடுகளில் இருந்தபடி தங்கள் குழந்தைகளுக்குப் பாடுவார்களே, அந்தப் பாட்டு. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்து, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடியது. நீ அதை எடுத்து வைத்துக்கொண்டு எழுதவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்த்து எழுதுகிறவன் சொற்களை மறைப்பான், சந்தத்தை மாற்றுவான். நீ எதையும் மறைக்கவில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

உன் பல்லவி இது:

நனைந்தும் நனையாத வாசற் படியோரம்
நடந்து வருமுல்லையே

இதில் 'வாசற்படி', 'முல்லை' என்ற சொற்கள் எதுவும் அந்தப் பாட்டின் பல்லவியில் இல்லை. உன் வரியை அப்படியே இணையத்தில் தேடினாலும் ஒன்றும் சிக்காது. நீயும் தேடியிருப்பாய், சிக்கவில்லை என்று நிம்மதியாக அனுப்பியிருப்பாய். எதிரொலியைச் சொல்லில் மட்டும் தேடினால் இப்படித்தான் ஆகும். சொல் மேலே தெரிவது. அதற்கு அடியில் சந்தம் இருக்கிறது. அதற்கும் அடியில், எந்தச் சொல் எந்த இடத்தில் உட்காருகிறது என்ற அமைப்பு இருக்கிறது. காது முதலில் அடையாளம் காண்பது அடியில் இருப்பதைத்தான்.

ஆகவே சந்தத்திலிருந்து தொடங்குவோம். பாட்டின் பொருளை முழுவதுமாக மறந்துவிட்டு, அதைத் தத்தகாரமாக எழுது. உன் பல்லவி இப்படி வரும்:

தனந்தம் தனதான தானத் தனதான
தனந்த தனதந்தனே

இப்போது இதை மட்டும் இரண்டு மூன்று முறை உரக்கச் சொல். உன் வாய் தானாக எந்த மெட்டுக்குப் போகிறது என்று கவனி. எனக்கு வேறு எங்கும் போகவில்லை. காதை மட்டும் நம்ப வேண்டாம் என்று சீர் பிரித்தும் பார்த்தேன். உன் முதல் வரி புளிமா, புளிமாங்காய், தேமா, புளிமாங்காய். இரண்டாம் வரி புளிமா, புளிமாங்கனி. கண்ணதாசனின் பல்லவித் தொடக்கத்தையும் அதேபோல் பிரித்தேன். ஒரு சீர்கூட மாறவில்லை. யாப்பிலக்கணம் படித்தவர்கள் பாட்டெழுத வரும்போது அதைப் பழைய சுமை என்று இறக்கி வைத்துவிடுகிறார்கள். இந்த ஒரு வேலைக்காகவாவது அதைக் கையில் வைத்துக்கொள். நேர், நிரை என்று அடையாளம் போட்டால் இரண்டு பாட்டுகளின் எலும்புக்கூடும் தெரிந்துவிடும்.

சீர் ஒத்துப்போவது மட்டுமே குற்றம் ஆகாது. சிந்து, கும்மி, ஆனந்தக் களிப்பு என்று எத்தனையோ நடைகள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கின்றன. பாரதி நொண்டிச் சிந்தில் எழுதினான். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துக்குப் பிறகு அந்த நடையில் எழுதாதவர்களே குறைவு. ஒரே நடையில் நூறு பாட்டுகள் நூறு விதமாக ஒலிக்கலாம். எனவே அடுத்த சோதனையையும் செய்ய வேண்டும். உன் சொற்களை அந்தப் பழைய மெட்டில் பாடிப் பார். பிறகு அந்தப் பழைய சொற்களை, உன் இசையமைப்பாளர் உனக்குத் தரப்போகும் மெட்டில் பாடிப் பார். எத்தனை அசை பொருந்துகிறது என்பதைவிட, மூச்சு எங்கே நிற்கிறது, எதுகை எங்கே விழுகிறது, வரி எந்த ஒலியில் முடிகிறது என்பதையே பார்க்க வேண்டும். அந்த 'பாசமலர்' பாட்டில் அடிகள் பெரும்பாலும் குழந்தையை விளிக்கும் ஏகாரத்தில் போய் முடிகின்றன. அந்த முடிவுதான் அதற்கு ஊஞ்சல் அசைவைத் தருகிறது. உன்னுடையதும் அதே இடத்தில், அதே ஏகார விளியில் முடிகிறது. நடை ஒன்று, நிற்கும் இடம் ஒன்று, முடியும் ஒலி ஒன்று. இப்போது இது பொது நடை என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இது எப்படி நேர்ந்தது என்று யோசித்தேன். நீ கடிதத்தில், மெட்டு இன்னும் வரவில்லை, முதலில் வரிகளைக் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். மெட்டு இல்லாமல் எழுதுகிறோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தாலாட்டு என்று சொன்ன உடனேயே மனம் தனக்குப் பழக்கமான ஒரு தாலாட்டு மெட்டைக் கீழே விரித்துவிடுகிறது. நம் வீடுகளில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் எத்தனை ஆண்டுகளாக ஓடிய பாட்டு அது! விரிக்கப்பட்ட மெட்டு, தன் அளவுக்குப் பொருந்தும் சொற்களைத் தேர்ந்து எடுக்கிறது. 'தனந்தம் தனதான' என்ற இடத்துக்கு 'நனைந்தும் நனையாத' வந்து உட்கார்ந்தபோது உனக்கு அது சட்டென்று கிடைத்த நல்ல சொற்றொடராகத் தோன்றியிருக்கும். எந்தச் சிரமமும் இல்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல், முழுதாக வந்து விழும் சொற்றொடரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். உன் கையெழுத்துப் படியைப் பார்த்தால் அந்த வரியில் ஒரு அடித்தல்கூட இருக்காது என்று நினைக்கிறேன்.

மெட்டுக்கு எழுதும்போதும் இதே ஆபத்து வேறு வழியாக வரும். இசையமைப்பாளர் மெட்டைத் தத்தகாரமாகவே தந்தால் நல்லது. பல நேரம் டம்மி வரிகளோடு தருவார்கள். ஏதோ ஒரு சொல் போட்டுப் பாடியிருப்பார்கள். அந்தச் சொல் பெரும்பாலும் வேறு பாட்டிலிருந்து வந்ததாகவே இருக்கும். நீ டம்மியை அழித்துவிட்டு எழுதினாலும் அதன் உயிரெழுத்து, அதன் முடிவொலி உன் வரியில் தங்கிவிடும். டம்மி வரிகளோடு மெட்டு வந்தால், அதை ஒருமுறை நீயே 'தன்னானே' போட்டுப் பாடிப் பதிந்துகொண்டு, அந்தப் பதிவை மட்டும் கேட்டு எழுது.

இனி சொற்றொடர். ஒரே வினையை 'நனைந்தும்' என்று உடன்பட்டு, அடுத்த சொல்லிலேயே மறுத்து, ஒரு பெயரின் முன்னால் நிறுத்தும் இந்த வார்ப்பு தமிழில் எல்லோருடைய வாயிலும் இருக்கிறது. தெரிந்தும் தெரியாத மாதிரி என்கிறோம், கேட்டும் கேட்காதவன் என்கிறோம். ஆகவே வார்ப்பு யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் ஒரு தாலாட்டில், பல்லவியின் முதல் இரண்டு சீரில், இயற்கையின் ஒரு அரைகுறை நிலையைச் சொல்லிக் குழந்தைக்கு உவமையாக்குவது என்றால் அந்த இடம் கண்ணதாசனுடையது. அவர் பாதி விரிந்த மொட்டையும் முழுதாக விடியாத காலையையும் அங்கே வைத்தார். நீ ஈரம் காயாத வாசலை வைத்திருக்கிறாய். சொல் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. சொற்றொடரைச் சோதிக்கும்போது 'இந்தச் சொற்கள் அங்கே இருக்கின்றனவா' என்று கேட்காதே. 'இந்தச் சொற்கள் இங்கே செய்யும் வேலையை அங்கே வேறு சொற்கள் செய்கின்றனவா' என்று கேள்.

இணையத் தேடல் எங்கே உதவும், எங்கே உதவாது என்பதும் இதிலிருந்தே தெரியும். அது சொற்களைத் தேடும், வார்ப்பைத் தேடாது. சொற்களைத் தேடுவதிலும் தமிழுக்கு என்று ஒரு தொல்லை உண்டு. பாடல் வரிகளைத் தட்டச்சு செய்து இணையத்தில் போடுகிறவர்கள் சந்தியைத் தங்கள் விருப்பப்படி பிரிப்பார்கள், ஒற்றை விடுவார்கள், ல-ள மாற்றுவார்கள். 'வாசற் படியோரம்' என்று நீ தேடினால், 'வாசல் படி ஓரம்' என்று கிடக்கும் பாட்டு அகப்படாமல் போகலாம். பிரித்தும் சேர்த்தும், ஒற்றோடும் ஒற்றில்லாமலும், ரோமன் எழுத்தில் நான்கைந்து விதமாகவும் தேடு. முழு வரியைப் போடாமல், அடுத்தடுத்து வரும் இரண்டு இரண்டு சொற்களாகப் போடு. இத்தனையும் செய்த பிறகும், தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கு அர்த்தம் அந்தச் சொற்கள் அதே எழுத்தில் கிடைக்கவில்லை என்பது மட்டும்தான்.

சொல் ஒன்றே ஆளைக் காட்டிக்கொடுத்த கதையும் உண்டு. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1969இல் 'கம் டுகெதர்' என்ற பாட்டைக் கொண்டுவந்தார். அது சக் பெர்ரி 1956இல் பாடிய ஒரு பாட்டின் சாயலில் இருப்பதை உடன் இருந்த பால் மெக்கார்ட்னியே கவனித்து, வேகத்தைக் குறைக்கச் சொன்னார். வேகம் குறைந்தது, இசை வேறு உருவம் எடுத்தது. ஆனால் பெர்ரியின் வரியை ஒட்டியிருந்த ஒரு வரியை லெனன் அப்படியே விட்டுவிட்டார். பெர்ரி பாட்டின் பதிப்புரிமை வைத்திருந்த மோரிஸ் லெவி வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. லெவியின் கைவசம் இருந்த சில பாட்டுகளைப் பாடித் தருவதாக லெனன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. சந்தத்தை மாற்றிவிட்டோம், இனிப் பயமில்லை என்று பழைய சொல்லை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நீ சந்தத்தை மாற்றும்போது சொல்லையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, படிமம். இங்கேதான் நான் உன்னோடு நீண்ட நேரம் பேச விரும்புகிறேன். ஏனென்றால் உன் சரணம் பல்லவியைவிட அதிகமாக என்னைச் சங்கடப்படுத்தியது.

ஒரு படிமத்தைச் சோதிக்க, அதை அலங்காரம் இல்லாமல் ஒரு உரைநடை வாக்கியமாக எழுது. யார், எதை, என்ன செய்கிறார்கள் என்று மட்டும் இருக்கட்டும். உன் சரணத்தை இப்படி எழுதினேன்: மலையில் பிறந்த தென்றல் நொய்யலில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு நடந்து வந்து தொட்டிலை ஆட்டுகிறது. இப்போது கண்ணதாசன் பாட்டின் படிமங்களையும் இதேபோல் எழுது. தென்றல் அங்கே ஆற்றில் விளையாடுகிறது, கொடிகளில் தலை வாரிக்கொள்கிறது, இளம்பெண்ணாக நடக்கிறது. பொதிகை மலையும் மதுரையும் தொடர்ந்து வருகின்றன. உன்னிடம் மலை, ஆறு, தலைமுடி, நடை நான்கும் இருக்கின்றன. கொடிக்குப் பதில் ஈரம் வந்திருக்கிறது, பொதிகைக்குப் பதில் பெயர் சொல்லாத மலை.

தென்றலைப் பெண்ணாகப் பார்ப்பதும், அதைப் பொதிகையோடு சேர்ப்பதும் அவர் கண்டுபிடித்தது இல்லை. சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரியிறுத்த காதையில், பொதியில் தென்றலும் மதுரைத் தென்றலும் ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டன. கண்ணதாசன் அந்த மரபில் நின்று எழுதியவர். எனவே தென்றல் என்ற படிமத்தை நீ தொடக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. பொதுச் சொத்து எது, அவருடையது எது என்று பிரிக்க ஒரு வழி, அந்தப் பாட்டைத் தாண்டிப் பின்னால் போய்ப் பார்ப்பது. பின்னால் இருப்பது உனக்கும் உரியது. பின்னால் எங்கும் காணாமல் அவரிடம் முதலில் காண்பது எதுவோ, அதை அவருடையது என்றே வைத்துக்கொள். தென்றல், மலை, ஆறு ஒவ்வொன்றும் பொது. ஆனால் தென்றல் நீரில் இறங்கி, தலைமுடியைச் சீர்செய்து, நடந்து வரும் அந்த வரிசை அவருடையது. படிமங்களைத் தனித்தனியாக எண்ணிப் பார்த்து 'எல்லாமே பொதுதானே' என்று சமாதானம் அடையாதே. அவை எந்த வரிசையில் கைகோத்து வருகின்றன என்று பார்.

இதைவிட உறுதியான ஒரு அடையாளம் உன் சரணத்திலேயே இருந்தது. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் கரூர்ப் பக்கம் காவிரியில் சேரும் ஆறு. திருப்பூரில் அது எப்படி ஓடுகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாயப் பட்டறைக் கழிவு அந்த ஆற்றை என்ன செய்தது என்பது, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போன விஷயம். அந்த ஆற்றோரம் வாழும் ஒரு தாய், தன் குழந்தையின் தொட்டிலருகே வரும் காற்று நொய்யலில் குளித்துவிட்டு வருகிறது என்று கொண்டாடுவாளா? நீ அந்த ஊரில் பிறந்தவன். உன் கண்ணால் பார்த்து எழுதியிருந்தால் இந்த வரி வந்திருக்காது. பழைய பாட்டில் ஓர் ஆறு இருந்தது. உன் ஊரில் இருந்த ஆற்றின் பெயரை அந்த இடத்தில் வைத்தாய். இடத்துக்குப் பொருந்தாத படிமம் வேறு எங்கிருந்தோ வந்தது என்பதற்குச் சாட்சி. பாட்டில் ஏதாவது ஒன்று பாத்திரத்தின் வாழ்க்கைக்குப் பொய்யாக இருந்தால், அங்கே நின்று 'இது எந்தப் பாட்டிலிருந்து வந்தது' என்று கேட்டுப் பார். பதில் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். சுருக்கமாகச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடல் வரிகள் இலக்கியப் படைப்பு. எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். கண்ணதாசன் 1981இல் மறைந்தார், ஆக அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. கருத்துக்கு உரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை என்பதை 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொன்னது. ஒரு நாடகத்துக்கும் ஒரு திரைப்படத்துக்கும் இடையிலான வழக்கு அது. இரண்டையும் பார்த்தவருக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற தெளிவான எண்ணம் எழுகிறதா என்பதே அங்கே முக்கியச் சோதனையாக இருந்தது. உன் பல்லவியின் பேரில் யாரும் வழக்குப் போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சோதனையை எடுத்துக்கொள், நல்ல சோதனை. சாதாரணமாகப் பாட்டுக் கேட்கும் ஒருவரின் மனத்தில் என்ன எழுகிறது என்பதுதான் நமக்கும் வேண்டும்.

அதற்கு ஆட்களிடம் கேட்க வேண்டும். கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. மெக்கார்ட்னிக்கு 'யெஸ்டர்டே'யின் மெட்டு தூக்கத்தில் கிடைத்தது. அது வேறு யாருடையதோ என்ற பயத்தில் பல நாள் இசைத்துறையில் இருந்தவர்களிடம் எல்லாம் அதை வாசித்துக்காட்டி, இதைக் கேட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தார். நீயும் அப்படிக் கேள். ஆனால் உன் வயது நண்பர்களிடம் மட்டும் கேட்காதே. இலங்கை வானொலியும் விவித பாரதியும் கேட்டு வளர்ந்த இரண்டு பேரையாவது பிடி. முதலில் வரிகளை மட்டும் பேச்சாகப் படித்துக் காட்டு. இன்னொருவரிடம் சொற்கள் இல்லாமல் தத்தகாரத்தை மட்டும் சொல்லிக் காட்டு. மூன்றாமவரிடம் சரணத்தின் படிமத்தைக் கதைபோல ஒரு வாக்கியத்தில் சொல். மூவரிடமும் ஒரே கேள்வி: 'இதைக் கேட்டால் எது ஞாபகம் வருகிறது?' பாட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள். 'பாசமலர் பாட்டு மாதிரி இருக்கிறதா' என்று கேட்டால், நீ சொன்னதால் ஆமாம் என்பார்கள். நீ எதுவும் சொல்லாமலே மூவரில் ஒருவர் அந்தப் பாட்டைச் சொன்னால், அவரிடம் நீ எந்த அடுக்கைக் காட்டினாயோ அங்கே திருத்து. மூன்று பேருமே சொன்னால் அந்தப் பல்லவியைக் கைவிடுவதே நல்லது. உன் தாலாட்டை எனக்குத் தெரிந்த மூன்று பேரிடம் இப்படித்தான் கேட்டேன், உன் பெயரைச் சொல்லாமல். தத்தகாரத்தைக் கேட்டவரும் படிமத்தைக் கேட்டவரும் அந்தப் படத்தின் பெயரைச் சொன்னார்கள். வரிகளை மட்டும் கேட்டவர் ஏதோ பழைய பாட்டு என்றார், பெயர் வரவில்லை.

வேண்டுமென்றே ஒரு பழைய வரியை நினைவூட்டுவது வேறு. 1997இல் 'இருவர்' படத்துக்கு வைரமுத்து எழுதிய ஒரு பாட்டில் குறுந்தொகையின் 40ஆம் பாடல் வெளிப்படையாகவே வந்து நிற்கும். கேட்கிறவருக்கு அது தெரிந்தால் பாட்டின் சுவை கூடுகிறது. கண்ணதாசனும் பட்டினத்தாரை அப்படிக் கையாண்டவர்தான். பழைய பாட்டு நினைவுக்கு வந்ததும் உன் பாட்டின் பொருள் ஆழமாகிறதா, கேட்கிறவர் உன் பாட்டை விட்டுவிட்டு அங்கே போய்விடுகிறாரா என்பதுதான் கேள்வி. உன் திருப்பூர்த் தாயை விட்டுவிட்டு நான் 'பாசமலர்' சாவித்திரியிடம் போய்விட்டேன். உன் படத்துக்கு அது நஷ்டம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன். 'நனைந்தும் நனையாத' என்பதை எடுத்துவிட்டு 'உலர்ந்தும் உலராத' என்று போடாதே. தென்றலை வாடையாக்காதே. அப்படி ஒவ்வொரு சொல்லாக மாற்றினால் எலும்புக்கூடு அப்படியே நிற்கும். சந்தத்தை மாற்றினால்தான் சொற்களும் தாமாகக் கலைந்துபோகும். அந்தப் பழைய நடை நிரையசையில் தொடங்குகிறது: குறில் ஒன்று மெல்ல எழுந்து, அடுத்த எழுத்தில் அழுத்தம் விழுகிறது. அதற்கு எதிராக, நேரசையில், அழுத்தத்தோடு தொடங்கிப் பார். தாலாட்டுக்கு அது ஒத்துவராது என்று தோன்றலாம். உன் தாய்க்கு ஒத்துவரும். நாள் முழுவதும் ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்குள் இருந்துவிட்டு வந்தவள் அவள். அந்த மெஷின் ஓடும், நிற்கும், ஓடும். அந்தத் துண்டு துண்டான ஓட்டம் அவள் காதில் இன்னும் இருக்கும்.

அடுத்து, தென்றலுக்குப் பதிலாக, தொட்டிலருகே உண்மையில் என்ன வந்து நிற்கிறது என்று கேட்டுக்கொள். அவள்தான் வந்து நிற்கிறாள். அவளோடு கம்பெனியிலிருந்து என்ன வந்திருக்கிறது? தலையில் பஞ்சுத் தூசி, புடவையில் நூல் பிசிறு. குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும் என்று நினைத்திருப்பாள், அதற்கு முன்பே பொறுக்காமல் குனிந்திருப்பாள். குழந்தை தூக்கத்தில் அவள் கூந்தலைப் பற்றியிருக்கும். வழி இதுதான் என்று காட்டுவதற்காக இரண்டு வரி எழுதிப் பார்த்தேன்:

கூந்தலில் ஒட்டிய பஞ்சு – உன்
கைபட உதிருது கண்ணே

இதன் தத்தகாரம் 'தானன தத்தன தந்த, தானன தனனன தந்தா' என்று வரும். சீர் பிரித்தால் கூவிளம், கூவிளம், தேமா. நடுவில் ஒரு தனி 'உன்'. பிறகு கூவிளம், கருவிளம், தேமா. பழைய பல்லவியின் மெட்டில் இதைப் பாட முயன்றால் இரண்டாவது சீரிலேயே இடறும். 'கண்ணே' என்ற விளி இருக்கிறது, அதுவும் ஏகாரத்தில் முடிகிறது. ஆனால் அது தாலாட்டுக்கே உரிய விளி, நம் பாட்டிமார் பாடியது. அதைத் துரத்த வேண்டியதில்லை. நடை நாட்டுப்புறப் பாட்டுகளில் நிறையக் கேட்கும் நடை. படிமம் உன் ஊரிலிருந்து வந்தது. இந்த வரிகளையும் மேலே சொன்ன எல்லாச் சோதனைக்கும் உட்படுத்த வேண்டும், ஏனென்றால் ஒரு பாட்டிலிருந்து விலகும்போது அறியாமல் இன்னொன்றின் மடியில் விழுவது உண்டு. நான் எழுதியது என்பதற்காக இதை எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். உன் வரி இதைவிட நன்றாக இருக்கும், நீ அந்த ஊர்க்காரன்.

இந்தச் சோதனையை எல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே செய்யாதே. எழுதும்போது காதை அடக்கினால் ஒரு வரியும் வராது. பல்லவியும் ஒரு சரணமும் முடியட்டும், நான்கைந்து நாள் அதைப் பார்க்காமல் வை, பிறகு எடுத்துத் தத்தகாரத்திலிருந்து தொடங்கு. எதிரொலி இருக்கிறதா என்று தெரியாமல் தவிக்கும் வரிகள் சில கடைசியில் மிஞ்சும். அவற்றில் பாத்திரம் தன் வாயால் சொல்லக்கூடியதை வைத்துக்கொள், சொல்லமாட்டாததை எடுத்துவிடு.

இசையமைப்பாளரிடம் இந்தப் பல்லவியை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதே. கொடுத்துவிட்டாய் என்றால், மெட்டுப் போடும் முன் திரும்பக் கேட்டு வாங்கு. உன் வரியின் சந்தம் அவரையும் அதே பழைய மெட்டுக்கு இழுத்துப் போகும். ட்ராக் பாடிப் பதிவு செய்த பிறகு ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் எல்லோருக்கும் சலிப்பு வரும், அதன் பிறகு உன் பேச்சு எடுபடாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் புதிய பல்லவியையும், அதற்குக் கீழே அதன் தத்தகாரத்தையும், சரணத்தின் படிமத்தை ஒரே உரைநடை வாக்கியமாகவும் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்